மூன்று ஏடுகளின் பொருத்தம்: சிறுதொழில் கடனை வங்கி எடைபோடும் விதம்

சிறுதொழிலுக்குக் கடன் கேட்டுப் போகிறவர் கிளை மேலாளரிடம்தான் பேசுகிறார். தொழில் எத்தனை ஆண்டாக நடக்கிறது, கையில் எவ்வளவு ஆர்டர் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் என்ன விலை பெறும் என்று எல்லாவற்றையும் சொல்கிறார். மேலாளரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். ஆனால் பெரும்பாலான வங்கிகளில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. கோப்பு வேறொரு கட்டடத்தில் இருக்கும் கடன் பரிசீலனை மையத்துக்குப் போகிறது. அங்கே அதைப் பிரிக்கும் அதிகாரி விண்ணப்பித்தவரைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பவை காகிதங்கள் மட்டுமே. இவற்றிலிருந்து அவர் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கேட்கப்படும் காகிதங்கள் பலருக்கும் தெரிந்தவைதான். பான், ஆதார், உத்யம் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. பதிவு, தொழிலிடத்தின் வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்துவரி ரசீது ஆகியவை ஆள் யார், தொழில் எங்கே என்பதை உறுதிசெய்கின்றன. இவற்றில் குறை இருந்தால் கோப்பு நகராது, அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருப்பதால் மட்டும் யாருக்கும் கடன் கிடைத்துவிடாது. முடிவைத் தீர்மானிப்பவை வேறு மூன்று ஏடுகள்: கடந்த ஓராண்டின் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், அதே ஓராண்டின் வங்கிக் கணக்கு ஸ்டேட்மெண்ட், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரி ரிட்டர்னோடு சேர்ந்த லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும்.

இந்த மூன்றும் ஒரே தொழிலைப் பற்றியவை. ஆனால் எழுதப்பட்ட நோக்கம் வேறு. ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் விற்பனையைக் குறைத்துக் காட்டினால் வரி மிஞ்சும், ஆனால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. ஆகவே பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு விற்பவர் அங்கே அதிகம் மறைக்க முடியாது. வருமான வரியில் லாபத்தைக் குறைத்துக் காட்டத் தோன்றும். வங்கிக் கணக்கை யாரும் எழுதுவதில்லை, பணம் வரவரத் தானாகவே பதிவாகிறது. வெவ்வேறு கைகள் வெவ்வேறு காரணத்துக்காக வைத்த இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்பதுதான் பரிசீலனை அதிகாரியின் முதல் கேள்வி. லாபம் எவ்வளவு, ஈடு என்ன என்பதெல்லாம் அதற்கு அடுத்தவை.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பாலையிலிருந்து இரும்பு வார்ப்புகளை வாங்கிக் கடைந்து, பம்ப் உதிரிபாகங்களாக மோட்டார் பம்ப் தயாரிப்பாளர்களுக்கு விற்கிறார்கள். தனியுரிமை நிறுவனம். ஏற்கெனவே ஒரு சிறிய சி.சி. கணக்கு, அதாவது கேஷ் கிரெடிட் வசதி, இருக்கிறது. உரிமையாளர் இப்போது இரண்டு கடன் கேட்கிறார். நடைமுறைச் செலவுக்கு அந்த சி.சி. வரம்பை 40 லட்சமாக உயர்த்த வேண்டும். 24 லட்சம் விலையுள்ள ஒரு சி.என்.சி. லேத் வாங்க 18 லட்சம் தவணைக் கடன் வேண்டும். எந்திர விலையில் மீதி 6 லட்சத்தைத் தானே போடுகிறார்.

ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்ன்களைக் கூட்டினால் ஆண்டு விற்பனை 1.20 கோடி. இதன்மேல் 18 சதவீத வரி சேர்த்து அவர் போட்ட பில்களின் மொத்தம் 141.6 லட்சம். வங்கி ஸ்டேட்மெண்டில் ஆண்டு வரவு 152 லட்சம் என்று இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பில் போட்டதைவிட அதிகம் வந்திருக்கிறது, நல்ல கணக்கு என்று தோன்றும். அதிகாரி அப்படிப் படிப்பதில்லை. ஒவ்வொரு வரவும் எங்கிருந்து வந்தது என்று பிரிக்கிறார். தன் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றியது 9 லட்சம். மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியது 6 லட்சம். வரவு வைக்கப்பட்டுப் பிறகு பணமில்லாமல் திரும்பிப்போன காசோலைகள் 3 லட்சம். இந்த 18 லட்சத்தைக் கழித்தால் வியாபாரத்தில் வந்த பணம் 134 லட்சம்தான்.

பில் போட்டது 141.6, வந்தது 134. அப்படியானால் 7.6 லட்சம் இன்னும் வரவேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பாக்கி 20.4 லட்சம் என்று முந்தைய பேலன்ஸ் ஷீட் சொல்கிறது. அத்தோடு 7.6 கூடினால் ஆண்டு முடிவில் பாக்கி 28 லட்சமாக இருக்க வேண்டும். ஆடிட்டர் கையெழுத்திட்ட பேலன்ஸ் ஷீட்டில் இருப்பதோ 16 லட்சம்.

அந்த 12 லட்சம் எங்கே? ரொக்கமாக வாங்கி வங்கியில் போடாமல் செலவழித்திருக்கலாம். சரக்கு திரும்பி வந்து கிரெடிட் நோட் கொடுத்திருக்கலாம், ஆனால் அது ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் தெரிந்திருக்க வேண்டும். வாராக்கடனாகத் தள்ளியிருக்கலாம், அது லாப நட்டக் கணக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கிக்குக் காட்டாத வேறொரு கணக்கில் போயிருக்க வேண்டும். நம் பட்டறைக்காரர் விஷயத்தில் கடைசியாகச் சொன்னதுதான் நடந்தது என்று கொள்வோம்: பழைய வாடிக்கையாளர் இருவர் இன்னமும் ஒரு கூட்டுறவு வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்புகிறார்கள். இதில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. ஆனாலும் விண்ணப்பத்தில் அந்தக் கணக்கைக் குறிப்பிடாமல் விட்டது கோப்பைப் பல வாரம் நிறுத்திவைக்கப் போதும். அந்த ஸ்டேட்மெண்டையும் சேர்த்துக் கொடுத்ததும் கணக்கு ஒட்டிவிடுகிறது. 'எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மெண்டும் வேண்டும்' என்று வங்கி கேட்பதை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஸ்டேட்மெண்டில் மொத்தத்தைத் தாண்டியும் நிறைய தெரியும். மாதக் கடைசியில் ஒரு பெரிய முழுத்தொகை வந்து, இரண்டு நாளில் அதே தொகை வெளியே போனால் இருப்பை உயர்த்திக் காட்டும் வேலை என்று உடனே புரிந்துவிடும். விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் ரொக்க வைப்பு கூடினாலும் அப்படித்தான். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வாக்கில் ஏதோ ஒரு நிதி நிறுவனத்துக்குத் தவணை போகிறது, ஆனால் விண்ணப்பத்தில் அந்தக் கடன் இல்லை என்றால் அது மோசமான அறிகுறி. அலைபேசிச் செயலி வழியாக வாங்கிய சிறு கடன்கள் இப்படித்தான் அகப்படுகின்றன. மைத்துனர் கொடுத்த 6 லட்சமும் பேலன்ஸ் ஷீட்டில் ஈடில்லாக் கடன் என்ற தலைப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்பனை வரவு என்ற போர்வையில் அதைக் காட்டப் பார்த்தார் என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார்.

காசோலை திரும்புவதில் இரண்டு வகை உண்டு. வாடிக்கையாளர் கொடுத்தது திரும்பினால் அது அவருடைய தரத்தைக் காட்டுகிறது. இவர் கொடுத்தது பணமில்லாமல் திரும்பினால் இவருடைய தரத்தை. முன்னதை விளக்கிவிடலாம். பின்னது ஓராண்டில் சில முறைக்கு மேல் போனால் எந்த விளக்கமும் எடுபடுவதில்லை.

நடைமுறை மூலதனத்துக்கு வருவோம். சிறுதொழிலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 1991இல் அமைத்த பி.ஆர்.நாயக் குழு சொன்னது அது. சிறுதொழிலில் போட்ட பணம் சரக்காகி, பில்லாகி, மீண்டும் பணமாகத் திரும்ப ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். எனவே ஆண்டு விற்பனையில் கால்பங்கு நடைமுறை மூலதனமாக எப்போதும் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். அதில் விற்பனையின் 5 சதவீதத்தை உரிமையாளர் போடட்டும், 20 சதவீதத்தை வங்கி கொடுக்கட்டும் என்பது அதன் சாரம். கணக்கில் கொள்வது வரப்போகும் ஆண்டின் விற்பனையை. நம்மவர் கேட்ட 40 லட்சத்தின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு விற்பனை 2 கோடி என்று அவருடைய ஆடிட்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

1.20 கோடியிலிருந்து 2 கோடிக்குத் தாவல். இதை அதிகாரி ஏற்க வேண்டுமென்றால் அதற்கு ஆதாரம் வேண்டும்: வாடிக்கையாளர் தந்த கொள்முதல் ஆணைகள், புதிய எந்திரம் மாதத்துக்கு எத்தனை உருப்படி கடையும் என்ற கணக்கு, நடப்பு ஆண்டின் இதுவரையான ஜி.எஸ்.டி. விற்பனை. நடப்பு மாதங்களின் ரிட்டர்ன் மாதத்துக்கு 11 லட்சம், 12 லட்சம் என்று காட்டும்போது 2 கோடி என்பது ஆசை மட்டுமே. அதிகாரி 20 சதவீத வளர்ச்சியை ஏற்று 1.44 கோடி என்று வைக்கிறார். அதில் 20 சதவீதம் 28.8 லட்சம். பெருக்கிக் காட்டிய கணக்கால் நம்மவர் தொகையை மட்டும் இழக்கவில்லை. மற்ற எண்களின்மேலும் அதிகாரிக்கு ஐயம் விழுந்துவிட்டது. என்னைக் கேட்டால், கடன் கோப்புகளில் தேவையே இல்லாமல் செய்யப்படும் பெரும் கேடு இதுதான் என்பேன்.

28.8 லட்சம் வரம்பு கிடைத்தாலும் அத்தனையும் எடுத்துவிட முடியாது. மாதாமாதம் சரக்கு, பாக்கிப் பட்டியல் கொடுக்க வேண்டும். கிடங்கில் 14 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது, அதில் 6 லட்சத்துக்கு வார்ப்பாலைக்கு இன்னும் பணம் தரவில்லை என்றால், சொந்தமான சரக்கு 8 லட்சம்தான். அதில் கால்பங்கை விளிம்பாகக் கழித்து 6 லட்சம். வரவேண்டிய 16 லட்சத்தில் 90 நாளைத் தாண்டிய 4 லட்சத்தை வங்கி கணக்கில் சேர்க்காது. மீதி 12 லட்சத்தில் கால்பங்கைக் கழித்தால் 9 லட்சம். ஆக, அந்த மாதம் எடுக்கக்கூடியது 15 லட்சம். இதைத்தான் வங்கியில் டிராயிங் பவர் என்கிறார்கள். விளிம்பு விகிதம் வங்கிக்கு வங்கி மாறும்; சில வங்கிகள் பாக்கிக்கு இன்னும் அதிகமாகக் கழிப்பதுண்டு. விற்பனை பெருகிச் சரக்கும் புதிய பாக்கியும் கூடக்கூட எடுக்கக்கூடிய தொகையும் கூடும். பழைய பாக்கியை வசூலிக்காமல் விட்டால் அது தொழிலையும் முடக்கும், கடனையும் சுருக்கும்.

தவணைக் கடனுக்கு அளவுகோல் வேறு. அங்கே சரக்கைப் பார்ப்பதில்லை. தவணை கட்டும் அளவுக்கு ஆண்டில் பணம் மிஞ்சுமா என்று பார்க்கிறார்கள். 18 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 39,100 ரூபாய், ஆண்டுக்கு 4.7 லட்சம். பட்டறையின் கணக்கில், சி.சி. வட்டியும் வரியும் போன பிறகு, நிகர லாபம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 2 லட்சம். அது ஏட்டில் கழிந்தாலும் கையைவிட்டுப் போன பணமில்லை என்பதால் திரும்பக் கூட்ட வேண்டும். 11 லட்சம் ஆயிற்று. தனியுரிமை நிறுவனத்தில் குடும்பச் செலவும் இதிலிருந்துதான் போக வேண்டும். மாதம் 40,000 என்று ஆண்டுக்கு 4.8 லட்சம் கழித்தால் மிஞ்சுவது 6.2 லட்சம். 4.7 கட்ட 6.2 இருக்கிறது, அதாவது 1.32 மடங்கு. வங்கிகள் பொதுவாக 1.25 முதல் 1.5 மடங்கு வரை எதிர்பார்க்கின்றன. நம்மவர் தாண்டிவிடுகிறார், மயிரிழையில்.

அவர் வருமான வரியை உத்தேச முறையில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை தந்தது. கணக்கேடு எதுவும் வைக்காமல், வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதத்தையும் ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டி வரி கட்டிவிடலாம். 1.20 கோடியில் 6 சதவீதம் 7.2 லட்சம். எல்லாச் செலவும் தேய்மானமும் அதிலேயே அடங்கிவிட்டதாகக் கருதப்படுவதால் தேய்மானத்தைத் திரும்பக் கூட்ட வழியில்லை. குடும்பச் செலவைக் கழித்தால் 2.4 லட்சம். 4.7 லட்சம் தவணைக்கு இது பாதி. அதே பட்டறை, அதே எந்திரம், அதே வாடிக்கையாளர்கள். ஆனால் கடன் கிடையாது. அதோடு, பேலன்ஸ் ஷீட்டே இல்லாததால் நாம் மேலே போட்ட 28 லட்சம், 16 லட்சம் கணக்கைப் போடவும் வழியிருக்காது.

இந்தச் சிக்கலில் மாட்டுபவர்கள் பலர் கடன் கேட்கும் ஆண்டில் மட்டும் லாபத்தை உயர்த்திக் காட்ட முயல்கிறார்கள். மூன்று ஆண்டு ரிட்டர்னை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு 4 லட்சம், 4.5 லட்சம், பிறகு திடீரென 9 லட்சம் என்ற வரிசை எதைச் சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதியும் அதில் இருக்கிறது. இரண்டு ஆண்டு ரிட்டர்ன் ஒரே வாரத்தில் தாக்கலாகியிருந்தால், கடனுக்காகத் தயாரித்தது என்று அர்த்தம். ஆடிட்டர் சான்றுகளிலும் 2019 முதல் யு.டி.ஐ.என். என்ற தனி அடையாள எண் கட்டாயமாகிவிட்டது. பட்டயக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, வருமான வரித் துறைக்குப் போன பேலன்ஸ் ஷீட்டும் வங்கிக்கு வந்ததும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறார்கள். வரித்துறைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று இரண்டு பேலன்ஸ் ஷீட் வைத்திருந்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இனிக் கடன் வரலாறு. தனியுரிமை நிறுவனத்தில் தொழிலின் கடனும் ஆளின் கடனும் ஒன்றுதான். ஆகவே உரிமையாளரின் சிபில் அறிக்கையை எடுக்கிறார்கள். மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதிகாரி மதிப்பெண்ணைவிட உள்ளே இருக்கும் வரிகளைத்தான் அதிகம் படிக்கிறார். கிரெடிட் கார்டு பாக்கியை 'செட்டில்மெண்ட்' செய்து முடித்திருந்தால், வங்கி குறைத்துக்கொண்ட தொகை நஷ்டமாக அங்கே நிற்கும். நண்பரின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்து அவர் தவணை தவறியிருந்தால் அதுவும் நிற்கும். கடைசி மூன்று மாதத்தில் ஆறு வங்கிகள் இவருடைய அறிக்கையை எடுத்துப் பார்த்திருந்தால், ஐந்து இடத்தில் மறுத்துவிட்டார்கள் போலும் என்று ஆறாவது வங்கி நினைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன்பே அதை எடுத்துப் பார்ப்பது நல்லது. தவறான பதிவைத் திருத்த நாளாகும்.

காகிதத்தை ஆராய்வதோடு நிறுத்தாமல், பட்டறைக்கும் ஓர் ஆள் வருவார். எந்திரங்களை எண்ணுவார், சுவரில் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்ப்பார். விவரம் தெரிந்தவராக இருந்தால் மின் கட்டண ரசீதைக் கேட்பார். லேத் ஓடினால் மின்சாரம் செலவாகத்தான் வேண்டும். விற்பனை ஓராண்டில் 40 சதவீதம் கூடியது என்று கணக்கு சொல்ல, யூனிட் கணக்கோ அசையாமல் நின்றால், வெளியே கடைந்து வாங்கியதற்கான பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கே இல்லாமல் பில் மட்டும் கைமாறியிருக்க வேண்டும். போலி ஜி.எஸ்.டி. பில்களைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஈட்டைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசுவது வேண்டுமென்றேதான். பத்திரம் இருந்தால் கடன் கிடைக்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சொத்தை அடமானமாகக் கொடுத்தால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி எல்லாம் வழக்கறிஞரின் பார்வைக்கும் மதிப்பீட்டாளரின் பார்வைக்கும் போகும். ஆனால் வரவு நிலையில்லாத தொழிலுக்குச் சொத்தை மட்டும் நம்பிக் கொடுத்தால், அதை ஏலத்தில் விட்டு வசூலிக்க ஆண்டுக்கணக்காகும் என்பது வங்கிக்குத் தெரியும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். மறுபக்கம், குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே விதித்தது; 2026 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 20 லட்சம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு, மத்திய அரசும் சிட்பியும் 2000ஆம் ஆண்டில் அமைத்த கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரையிலான கடனுக்கு அது பொறுப்பேற்கிறது. அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான். கட்டணத்தைப் பெரும்பாலும் கடன் வாங்கியவரே சுமக்கிறார், நிதியம் வங்கிக்கு ஈடுகட்டினாலும் அவருடைய கடன் தீர்ந்துவிடாது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'அரசு பார்த்துக்கொள்ளும்' என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த முறைக்கும் ஓர் ஊனம் உண்டு. ஏட்டில் ஏறாத தொழில் இதற்குக் கண்ணில் படாது. ரொக்கத்தில் வாங்கி ரொக்கத்தில் விற்கும் காய்கறி மண்டிக்காரர் நாணயத்தில் நம் பட்டறைக்காரரைவிட மேலானவராக இருக்கலாம். மூன்று ஏடும் காலியாக இருந்தால் பரிசீலனை மையத்துக்கு அவர் இல்லாதவர் போலத்தான். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டின்படி, வாடிக்கையாளர் சம்மதித்தால் அவருடைய கணக்கு விவரம் நேரடியாக வங்கிக்குப் போகிறது. டிஜிட்டல் தடங்களை வைத்தே சிறுதொழில்களை மதிப்பிடும் முறையைப் பொதுத்துறை வங்கிகள் உருவாக்கும் என்று 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையும் அறிவித்தது. க்யூ.ஆர். அட்டையில் வாங்கும் சிறு வரவும் இதனால் சாட்சியாகும். ரொக்கம் மட்டும் இப்போதும் சாட்சி சொல்லாது.

நம் பட்டறைக்காரரின் கோப்பு இப்படி முடிகிறது: கூட்டுறவு வங்கி ஸ்டேட்மெண்ட் வந்ததும் 18 லட்சம் தவணைக் கடன் முழுதாகவும், 40க்குப் பதில் 28.8 லட்சம் சி.சி. வரம்பும், விற்பனை வரவு முழுவதும் இந்த வங்கிக் கணக்கிலேயே வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் வாய்ச்சொல்லைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். மறுப்பின் முக்கியக் காரணங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் சொல்கின்றன. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்த எண் எந்த எண்ணோடு ஒட்டவில்லை என்று கேளுங்கள். அடுத்த வங்கிக்குப் போகுமுன் அந்த ஓர் எண்ணைச் சரிசெய்யுங்கள்.